கிரிட்டாவில் மைக்கோடு: அழுத்தத்தை யாரிடம் ஒப்படைப்பது?

கிராஃபிக்ஸ் டேப்லெட் வாங்கும் பலர் முதல் வாரத்திலேயே தங்களுக்குக் கை வரவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். காகிதத்தில் ஒரே இழுப்பில் வந்த புருவம், திரையில் தொடக்கத்தில் குண்டாகவும் நடுவில் திடீரென்று மெலிந்தும் முடிவில் மொட்டையாகவும் வந்து நிற்கிறது. மெல்லத் தொட்டால் கோடே விழுவதில்லை. கொஞ்சம் அழுத்தினால் முழுத் தடிமனும் வந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய அத்தனை தடிமன்களும் எங்கே போயின என்று தெரிவதில்லை.

பழக்கம் போதாது என்பது பாதி உண்மைதான். மீதிப் பாதி, கையின் அழுத்தம் கோட்டின் தடிமனாக மாறும் வழியில் இருக்கிறது. அந்த வழியில் மூன்று இடங்களில் அழுத்தத்தை மாற்றியமைக்க முடியும். மூன்றையும் ஒரே காரியத்துக்காகத் திருகிவைப்பதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம். இலவசமாகக் கிடைக்கும் கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் இதை எப்படிச் சீர்செய்வது என்று பார்ப்போம். பென்சில் ஓவியத்தின் மேல் கறுப்பு மையால் இறுதிக் கோடு போடும் வேலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வண்ணம் தீட்டுவதில் சிறு பிசகு மறைந்துவிடும். மைக்கோட்டில் ஒன்றும் மறையாது.

பேனாவின் நுனி உள்ளே ஒரு உணரியைத் தள்ளுகிறது. தள்ளும் அளவு ஓர் எண்ணாக மாறுகிறது. தொடாதபோது பூஜ்யம், முழுதாக அழுத்தும்போது 100 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த எண் முதலில் டேப்லெட்டின் டிரைவருக்குப் போகிறது. அங்கே பேனா முனையை மென்மையாக்கவோ கடினமாக்கவோ ஒரு நகர்த்தி இருக்கும். வாகாம் டிரைவரில் அதன் பெயர் Tip Feel. அடுத்து அது கிரிட்டாவுக்குள் வருகிறது. அங்கே எல்லா பிரஷ்களுக்கும் பொதுவான ஒரு பிரஷர் கர்வ், அதாவது அழுத்த வளைவு, காத்திருக்கிறது. கடைசியாக, கையில் எடுத்திருக்கும் பிரஷுக்கென்று தனியாக ஒரு வளைவு உண்டு. இம்மூன்றையும் தாண்டித்தான் எண் கோடாகிறது.

வளைவு என்பது ஒரு சதுரக் கட்டத்துக்குள் வரைந்த கோடு. கிடைமட்டமாக இடமிருந்து வலம், கை கொடுக்கும் அழுத்தம். கீழிருந்து மேல், மென்பொருள் எடுத்துக்கொள்ளும் அழுத்தம். மூலைக்கு மூலை நேராக ஓடும் கோடு ‘கொடுத்ததை அப்படியே வாங்கிக்கொள்’ என்று சொல்கிறது. அந்தக் கோட்டை மேலே உப்பலாக வளைத்தால் கொஞ்சம் அழுத்தினாலே நிறையக் கிடைக்கும். பேனா மென்மையாகத் தோன்றும். கீழே தொய்வாக வளைத்தால் நிறைய அழுத்தினால்தான் கொஞ்சம் கிடைக்கும். பேனா கடினமாகத் தோன்றும்.

இப்போது ஒரு கணக்கு. பேனா கடினமாக இருக்கிறதே என்று ஒருவர் டிரைவரில் மென்மையாக்குகிறார். அது 25 சதவீத அழுத்தத்தை 50 ஆக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பிறகு யாரோ சொன்னார்கள் என்று கிரிட்டாவின் பொது வளைவையும் அதே அளவு உப்பவைக்கிறார். 50 இப்போது 71 ஆகிறது. இறக்கிக்கொண்ட பிரஷிலும் அதே போன்ற வளைவு ஏற்கெனவே இருக்கிறது. 71 என்பது 84 ஆகிவிடுகிறது. கால்வாசி அழுத்தத்திலேயே கோட்டின் தடிமன் 84 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. மீதி முக்கால் பங்கு அழுத்தத்துக்கு மிஞ்சியிருப்பது வெறும் 16 சதவீத வேறுபாடு. வீட்டில் மூன்று பேர் ஒருவருக்கொருவர் சொல்லாமல் சாம்பாருக்கு உப்புப் போட்ட கதைதான். யாரும் அதிகமாகப் போடவில்லை, ஆனால் வாயில் வைக்க முடியாது.

ஆகவே ஆளுக்கொரு வேலை என்று பிரித்துவிடுவது நல்லது. டிரைவர் ஒன்றும் செய்ய வேண்டாம், நேர்கோடாக இருக்கட்டும். கிரிட்டாவின் பொது வளைவு உங்கள் கைக்கு. பிரஷின் வளைவு, அந்தப் பேனா போடும் கோட்டின் குணத்துக்கு. இந்தப் பிரிவினையைக் கடைப்பிடித்தால், பின்னால் எது கெட்டாலும் எங்கே போய்த் தேடுவது என்று தெரிந்திருக்கும்.

வளைவைத் தொடுமுன் இரண்டு விஷயங்களைச் சரிபார்த்துவிட வேண்டும். முதலாவது, அழுத்தம் கிரிட்டாவுக்கு வந்து சேருகிறதா என்பது. Settings பட்டியலில் Configure Krita என்பதைத் திறந்து, இடப்பக்க வரிசையில் Tablet settings போனால் Open Tablet Tester என்ற பொத்தான் இருக்கும். அழுத்தினால் ஒரு சிறு ஜன்னல் திறக்கும். இடப்புறம் கிறுக்கிப் பார்க்கும் இடம். வலப்புறம் ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு வரி எழுத்து ஓடும். டேப்லெட் பேனாவாகப் பேசினால் நீலக் கோடு விழும். சுட்டி, அதாவது மவுஸ், போலப் பேசும் செய்திகள் சிவப்பில் விழும். சிவப்பு மட்டும் வந்து நீலம் வரவே இல்லை என்றால் கிரிட்டா உங்கள் பேனாவை மவுஸ் என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. எந்த வளைவைத் திருகினாலும் பயன் இருக்காது.

விண்டோஸில் இது அடிக்கடி நடக்கும். அங்கே பேனாச் செய்திகள் வருவதற்கு இரண்டு வாசல்கள்: பழைய WinTab, புதிய Windows Ink. டிரைவர் ஒரு வாசலில் கொடுக்க, கிரிட்டா இன்னொரு வாசலில் காத்திருந்தால் அழுத்தம் வராது. அதே Tablet settings பக்கத்தில் Tablet Input API என்ற இடத்தில் ஒன்றை மாற்றி, கிரிட்டாவை மூடித் திறக்க வேண்டும். மூடித் திறக்காமல் மாற்றம் நடப்புக்கு வராது. அதற்கும் சரியாகவில்லை என்றால், பழைய டேப்லெட் ஒன்றின் டிரைவர் இன்னும் கணினியில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கம்பெனிகளின் டிரைவர்கள் ஒரே கணினியில் ஒத்துப்போவது அபூர்வம். பழையதை நீக்கிவிட்டு, புதியதை மறுபடி நிறுவுவதுதான் வழி.

லினக்ஸ் பயன்படுத்துவோர், எக்ஸ்11 சூழலில் இருந்தால், டிரைவரின் வளைவு நேராக இருக்கிறதா என்று இப்படிப் பார்க்கலாம். முதல் கட்டளை கருவிகளின் பட்டியலைக் காட்டும். அதில் பேனாவுக்குரிய எண் 12 என்று வந்தால், அடுத்த இரண்டும்:

```
xsetwacom --list devices
xsetwacom get 12 PressureCurve
xsetwacom set 12 PressureCurve 0 0 100 100
```

இரண்டாவது கட்டளை `0 0 100 100` என்று பதில் சொன்னால் வளைவு நேராக இருக்கிறது. மூன்றாவது கட்டளை தேவையே இல்லை. வேறு எண்கள் வந்தால் மூன்றாவது அதை நேராக்கும்.

இரண்டாவது விஷயம் அழுத்தத்தோடு தொடர்பில்லாதது. ஆனால் கோடு கைக்கு அடங்காமல் போவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஒன் பை வாகாம் என்ற சிறிய மாடலை எடுத்துக்கொள்வோம். அதன் வரைபரப்பு 152 மில்லிமீட்டர் அகலம், 95 மில்லிமீட்டர் உயரம். சாதாரணத் திரையோ 1920 பிக்சல் அகலம், 1080 பிக்சல் உயரம். முழுப் பரப்பையும் முழுத் திரைக்கும் பொருத்தினால், கிடைமட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 12.6 பிக்சல், செங்குத்தில் சுமார் 11.4 பிக்சல். கை வட்டம் போடும்; திரையில் அது சுமார் 11 சதவீதம் அகலமான நீள்வட்டமாக விழும். டிரைவரில் Force Proportions என்ற கட்டத்தைத் தேர்வு செய்தால் பலகையின் உயரத்தில் 85.5 மில்லிமீட்டர் மட்டும் பயன்படும், அடியில் ஒரு விரற்கடை வீணாகும், வட்டம் வட்டமாகவே விழும். வீணாகும் அந்தப் பட்டையைப் பற்றி வருத்தப்பட வேண்டாம். முகங்களை வரைகிறவருக்கு இந்தப் பேரம் லாபம்தான்.

இனி கையை அளக்கலாம். Tablet Tester ஜன்னலுக்கே திரும்புங்கள். வலப்புறம் ஓடும் ஒவ்வொரு வரியிலும் `P=` என்று ஒன்று இருக்கும், அதன்பின் ஒரு சதவீதம். டிரைவர் கிரிட்டாவிடம் கொடுக்கும் அழுத்தம் அதுதான். மூன்று விதமாகக் கோடு போட்டுப் பாருங்கள். கண்ணிமை வரைவதுபோல முடிந்தவரை மெல்ல ஒன்று. எதையும் யோசிக்காமல், கையெழுத்துப் போடுகிற இயல்பில் ஒன்று. தாடையின் நிழற்பக்கத்துக்குத் தடித்த கோடு போடுவதுபோல ஒன்று. ஆனால் விரல் வலிக்கும் அளவுக்கு வேண்டாம். ஒரு மணி நேரம் தொடர்ந்து வரைந்தாலும் சலிக்காத அழுத்தமே உங்கள் மேல்வரம்பு.

ஒவ்வொரு விதத்திலும் பலமுறை போட்டு, கோட்டின் நடுப்பகுதியில் வரும் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடும்போதும் எடுக்கும்போதும் எண் தானாகவே பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். லேசான கை உள்ள ஒருவருக்கு 5, 30, 60 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். அதாவது பேனாவின் அளவுகோலில் 60க்கு மேலே உள்ள பகுதியை அவர் கை தொடவே போவதில்லை. நேர்கோட்டு வளைவில் அவரால் எந்த பிரஷின் முழுத் தடிமனையும் பார்க்க முடியாது. தடித்த கோடு வேண்டும் என்று அழுத்தி அழுத்தி, மாலையில் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கனத்த கை உள்ளவருக்கு நேரெதிர் நிலை. அவருடைய இயல்பான கோடே 70க்கு மேல் இருக்கும். எல்லாக் கோடும் குண்டாகவே விழும்.

லேசான கைக்காரரின் வளைவைச் சரிசெய்வோம். Tester ஜன்னலை மூடினால் Input Pressure Global Curve என்ற கட்டம் தெரியும். அதில் மூலைக்கு மூலை கோடு ஓடுகிறது. கோட்டின் மேல் ஒருமுறை சொடுக்கினால் ஒரு புள்ளி பிறக்கும், அதை இழுக்கலாம். நம்முடைய நோக்கம் எளியது: அவருடைய இயல்பான அழுத்தம் அளவுகோலின் நடுவில் வந்து உட்கார வேண்டும். ஆகவே கிடைமட்டத்தில் 30, செங்குத்தில் 50 இருக்கும் இடத்துக்கு அந்த ஒரே புள்ளியை இழுத்து நிறுத்துகிறோம். கோடு தானாகவே சீராக வளைந்துகொள்ளும். இதனால் அவருடைய 5 சுமார் 9 ஆகிறது, 30 என்பது 50, 60 என்பது சுமார் 80. நூறு நூறாகவே நிற்கிறது. உச்சத்தில் இருபது சதவீதத்தை வேண்டுமென்றே விட்டுவைத்திருக்கிறோம். எப்போதாவது வேகத்தில் கூடுதலாக அழுத்தினால் அது போய் முட்ட ஓர் இடம் வேண்டும்.

இங்கே ஒரு ஆசை எல்லோருக்கும் வரும். இன்னும் இரண்டு புள்ளி வைத்து நுணுக்கமாகச் செதுக்கலாமே என்று. செய்யாதீர்கள். வளைவு எங்கே செங்குத்தாக ஏறுகிறதோ, அங்கே கையின் சிறு நடுக்கமும் பெருகிக் கோட்டில் தெரியும். நம் வளைவின் மிகச் செங்குத்தான இடம் தொடக்கத்தில் இருக்கிறது. அங்கே ஏற்றம் 1.8 மடங்கு. அழுத்தத்தில் 2 சதவீத நடுக்கம் இருந்தால் அது 3.6 ஆகும். இதைப் பொறுத்துக்கொள்ளலாம். புள்ளிகளைக் கூட்டி ஓரிடத்தில் நான்கு மடங்காக ஏறவிட்டால் அதே நடுக்கம் 8 ஆகிவிடும். கோடு அங்கே முண்டும் முடிச்சுமாக விழும். வேறெங்கோ கோடு தட்டையாகி, எவ்வளவு அழுத்தினாலும் தடிமன் மாறாமல் நிற்கும். அழகாக நெளியும் வளைவு பார்க்க நன்றாகத்தான் இருக்கும். வரையும்போது கையை ஏமாற்றும்.

அழுத்த நிலைகளைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். 2048 நிலைகள், 8192 நிலைகள் என்று டேப்லெட் பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருப்பார்கள். 12 பிக்சல் தடிமன் வரை போகும் ஒரு பிரஷை எடுத்துக்கொள்ளுங்கள். 2048 நிலைகளிலேயே ஒரு பிக்சல் வேறுபாட்டுக்கு 170 நிலைகள் கிடைக்கின்றன. அந்த ஒரு பிக்சலை 680 பங்காக்கினால் கண்ணுக்கு என்ன தெரிந்துவிடப் போகிறது? முடிச்சு விழும் கோட்டுக்குக் காரணம் நிலைகளின் பற்றாக்குறை என்று நினைத்துப் புது டேப்லெட் வாங்குவது வீண் செலவு. எவ்வளவு மெல்லத் தொட்டால் பேனா விழித்துக்கொள்கிறது என்பதுதான் நடைமுறையில் முக்கியம். அந்த எண்ணை யாரும் பெட்டியின் மேல் அச்சடிப்பதில்லை. கடையில் பேனாவை வாங்கி மெல்லத் தேய்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

கைக்கு வேண்டியது முடிந்தது. இனி பிரஷ். கிரிட்டாவோடு கூடவே வரும் பிரஷ்களில் `d) Ink-3 Gpen` என்று ஒன்று உண்டு. ஜப்பானிய மாங்கா ஓவியர்கள் பயன்படுத்தும் ஜி-பேனா என்ற உலோக நிப்பை மனதில் வைத்துச் செய்தது. அந்த நிப் அழுத்தினால் பிளந்து தடித்த கோடு போடும், விட்டால் ஒட்டிக்கொண்டு மயிரிழைக் கோடு போடும். நம் வேலைக்கு இதையே அடிப்படையாக எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் எவ்வளவு தடிமன் வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டும். திரையில் பார்த்து முடிவு செய்தால், பெரிதாக்கிப் பார்க்கும்போது ஒன்று தோன்றும், சிறிதாக்கும்போது வேறொன்று தோன்றும். அச்சில் பாருங்கள். ஏ4 தாளை 300 டிபிஐ அளவில் திறந்தால் அது 2480க்கு 3508 பிக்சல். அப்போது ஒரு மில்லிமீட்டர் என்பது ஏறக்குறைய 12 பிக்சல். பத்திரிகைப் பக்கத்தில் அச்சாகும் சித்திரக்கதைக்கு மிகத் தடித்த கோடு ஒரு மில்லிமீட்டர், மெல்லிய கோடு அதில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் போதும். பிரஷின் அளவை 12 பிக்சல் ஆக்குங்கள்.

பிறகு F5 விசையைத் தட்டினால் பிரஷ் எடிட்டர் திறக்கும். இடப்பக்க வரிசையில் Size, Opacity, Flow என்று பல இருக்கும். மைக்கோட்டுக்கு Size மட்டும்தான் அழுத்தத்தின் பேச்சைக் கேட்க வேண்டும். Opacity அழுத்தத்தோடு இணைந்திருந்தால் அந்த இணைப்பைத் துண்டித்துவிடுங்கள். மெல்லத் தொட்ட இடமெல்லாம் சாம்பலாக விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுதான். பின்னால் கோட்டுக்குள் வண்ணம் நிரப்பும்போது அந்தச் சாம்பல் விளிம்பு தொந்தரவு கொடுக்கும். மை என்றால் மெல்லியதாக இருந்தாலும் கறுப்பாக இருக்க வேண்டும்.

Size என்பதைச் சொடுக்கி, Pressure உணரியைத் தேர்வு செய்தால் அதன் வளைவு தெரியும். இங்கே இரண்டு மாற்றங்கள். இடக்கோடிப் புள்ளியை அடித்தளத்திலிருந்து 15 சதவீத உயரத்துக்குத் தூக்குங்கள். எவ்வளவு மெல்லத் தொட்டாலும் கோடு 1.8 பிக்சலுக்குக் கீழே இறங்காது. நடுவழியில் அறுந்தும் போகாது. பிறகு நடுவில், கிடைமட்டம் 50 உள்ள இடத்தில் ஒரு புள்ளி வைத்து, அதை 40 உயரத்துக்குச் சற்றே தாழ்த்துங்கள். இயல்பான கோடு மெலிந்த பக்கம் நின்று, தடிமன் வேண்டியபோது மட்டும் விரிவதற்காக இது.

நம் லேசான கைக்காரரின் கோடு இப்போது எப்படி விழும் என்று முழுவதுமாகத் தொடர்ந்து பார்ப்போம். கண்ணிமைக்கு அவர் கொடுப்பது 5 சதவீதம். பொது வளைவு அதை 9 ஆக்குகிறது. பிரஷ் அதற்கு 18 சதவீதத் தடிமன் கொடுக்கிறது: சுமார் 2.2 பிக்சல், அச்சில் 0.2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இயல்பான கோடு 30லிருந்து 50 ஆகி, 40 சதவீதத் தடிமன் பெறுகிறது: 4.8 பிக்சல், 0.4 மில்லிமீட்டர். தாடையின் தடித்த கோடு 60லிருந்து 80 ஆகி, ஏறக்குறைய 73 சதவீதம் பெறுகிறது: 8.8 பிக்சல், முக்கால் மில்லிமீட்டர். நாம் கேட்ட மூன்று கோடுகளும் வலியில்லாத மூன்று அழுத்தங்களில் கிடைத்துவிட்டன.

பிரஷில் செய்த இந்த மாற்றத்தைப் புதிய பெயரில் சேமித்துவிடுங்கள். பிரஷ் எடிட்டரிலேயே அதற்குப் பொத்தான் இருக்கிறது. சேமிக்காமல் வேறொரு பிரஷை எடுத்துவிட்டுத் திரும்பினால் பழைய வளைவுதான் காத்திருக்கும். பொது வளைவுக்கு இந்தக் கவலை இல்லை. OK அழுத்தியதும் அது நிலைத்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் கோடு நடுங்கினால், அந்த நடுக்கம் இரண்டில் எந்த வகை என்று பிரித்தறிய வேண்டும். பெரிதாக்கிப் பாருங்கள். கோடு போகும் பாதையே நெளிகிறதா? அல்லது பாதை சீராக இருந்து, தடிமன் மட்டும் கூடிக் குறைகிறதா? பாதை நெளிவதற்கு வளைவில் மருந்து கிடையாது. அது கையின் நடுக்கம், அல்லது மிக மெதுவாக வரைவதால் வரும் தயக்கம். தடிமன் கூடிக் குறைவதுதான் அழுத்தத்தின் வேலை. சந்தேகமாக இருந்தால் பிரஷ் எடிட்டரில் Size அருகே உள்ள தேர்வை எடுத்துவிட்டு அதே கோட்டைப் போடுங்கள். தடிமன் மாறாத கோடு விழும். அதுவும் நெளிந்தால் பாதையின் குற்றம் என்று உறுதியாகிவிடும்.

பாதைக்கு மருந்து Tool Options பலகத்தில் Brush Smoothing என்ற இடத்தில் இருக்கிறது. Basic என்பது கிட்டத்தட்ட ஒன்றும் செய்யாது. Weighted அடுத்தடுத்த புள்ளிகளின் சராசரியை எடுத்துக் கோட்டை நேராக்கும். அதன் கீழே உள்ள Distance எண்ணைக் கூட்டினால் கோடு வழுவழுப்பாகும், ஆனால் மூலைகள் மழுங்கும். மூக்கு நுனியும் முடிக்கற்றையின் கூர்மையும் முதலில் பலியாகும். ஆகவே நடுக்கம் போகும்வரை கூட்டிக்கொண்டே போகாமல், மூக்கு மழுங்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள்.

Stabilizer இன்னும் வலிமையானது. கோடு பேனாவுக்குப் பின்னால் தாமதமாக இழுபட்டு வரும். அதிலுள்ள Delay என்பதைத் தேர்வு செய்தால் பேனாவைச் சுற்றி ஒரு வட்டம் உருவாகும். அந்த வட்டத்தைத் தாண்டினால்தான் கோடு நகரும். கட்டடம், வண்டிச் சக்கரம், நீண்ட வளைவான துணி மடிப்பு போன்றவற்றுக்கு இது அருமை. முகத்துக்கு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். எல்லா முகங்களும் ஒரே கம்பியை வளைத்துச் செய்தவைபோல ஆகிவிடுகின்றன.

இந்த இரண்டிலும் ஒரு சிறு தேர்வு ஒளிந்திருக்கிறது: Weighted என்பதில் Smooth Pressure, Stabilizer என்பதில் Stabilize Sensors. பாதையோடு அழுத்தத்தையும் சராசரி செய்யும் வேலை இவற்றுடையது. தடிமன் மட்டும் கூடிக் குறையும் நோய்க்கு, வளைவைச் சரிசெய்த பிறகும் மிச்சம் இருந்தால், இதுதான் மருந்து. பக்கவிளைவும் உண்டு. பேனாவைச் சுண்டி எடுக்கும்போது அழுத்தம் சட்டென்று விழ வேண்டும். அப்போதுதான் கோட்டின் வால் கூராகும். சராசரி எடுப்பது அந்த வீழ்ச்சியைத் தாமதமாக்கும், வால் மொட்டையாகும். புல், முடி, வேகக் கோடுகள் போடும்போது இதை அணைத்துவிடுங்கள்.

வளைவு சரியாக அமைந்ததா என்பதைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. ஒவ்வொரு கோடும் ஒரு பொட்டோடு தொடங்கினால் ஏதோ ஒரு வளைவின் இடக்கோடி மிக உயரத்தில் இருக்கிறது, அல்லது தொடக்கத்திலேயே செங்குத்தாக ஏறுகிறது. தடிமன் பாதிக்கு மேல் மாறவே இல்லை என்றால் எங்கோ ஒரு வளைவு கூரையில் முட்டிக்கொண்டிருக்கிறது. Tester ஜன்னலில் `P=` எண் சாதாரண அழுத்தத்திலேயே 100 காட்டினால் குற்றவாளி டிரைவர். அங்கே சரியாக இருந்து கோட்டில் மட்டும் முட்டினால், கிரிட்டாவுக்குள் தேட வேண்டும். மற்ற பிரஷ்களிலும் அதே பிரச்சினை என்றால் பொது வளைவு. ஒன்றில் மட்டும் என்றால் அந்த பிரஷ். மூன்று இடங்களுக்கும் தனித்தனி வேலை கொடுத்ததன் பயன் இங்கேதான் தெரியும்.

வேறொரு தொல்லை உண்டு. பேனாவை எடுத்த பிறகும் கோடு தொடர்வது, அல்லது தொடும் முன்பே கோடு விழுவது. நுனி உள்ளே சிக்கிக்கொண்டு உணரியை விடாமல் தள்ளிக்கொண்டிருக்கலாம். நுனியைப் பிடுங்கித் துடைத்துத் திரும்பச் செருகினால் பெரும்பாலும் சரியாகும். அதைப் பிடுங்குவதற்கு ஒரு சிறு வளையமோ இடுக்கியோ பேனாவோடு வருவது வழக்கம். பெட்டியைத் தூக்கிப் போடுமுன் தேடிப் பாருங்கள். நுனி தேய்வதும் இயல்பே. சொரசொரப்பான பலகையில் சீக்கிரம் தேயும். ஒரு பக்கம் சப்பையாகிக் கூரான விளிம்பு வந்துவிட்டால், பலகையைக் கீறும் முன் மாற்றிவிட வேண்டும்.

டேப்லெட்டை மாற்றினாலும், டிரைவரைப் புதுப்பித்தாலும் பழைய வளைவை அப்படியே நம்பிவிடாதீர்கள். டிரைவர் புதுப்பிக்கும்போது சில சமயம் Tip Feel நகர்த்தி தன் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்துகொள்ளும், வாசலும் மாறியிருக்கும். Tester ஜன்னலைத் திறந்து அதே மூன்று கோடுகளைப் போட்டு, முன்பு குறித்துவைத்த எண்களோடு ஒப்பிடுங்கள். 5, 30, 60 என்பது 8, 45, 85 ஆகியிருந்தால் பிரஷ்களைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. முதலில் டிரைவரின் நகர்த்தியைப் பாருங்கள். அது நடுவில்தான் இருக்கிறது, கருவியே புதிது என்றால், பொது வளைவின் அந்த ஒரே புள்ளியைக் கிடைமட்டத்தில் 30லிருந்து 45க்கு நகர்த்தினால் போதும். சேமித்துவைத்த பிரஷ்கள் எல்லாம் பழையபடியே வேலை செய்யும்.